மின்னஞ்சல் இல்லாத பங்கேற்பாளர்களுக்கு மொத்தக் குறுஞ்செய்தி நினைவூட்டல்: பதிவுச் சீட்டிலிருந்து STOP பட்டியல் வரை

மலேசியாவில் மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதில் ஒரு முடிச்சு இருக்கிறது. செய்தியில் இணைப்பு போடக் கூடாது. திருப்பி அழைக்கச் சொல்லித் தொலைபேசி எண் போடக் கூடாது. அனுப்பும் எண்ணுக்குப் பதில் எழுதினால் அது உங்களிடம் வந்து சேரும் என்ற உறுதியும் இல்லை. அப்படியானால், மின்னஞ்சல் இல்லாத ஒரு பெரியவர் ‘எனக்கு இனிமேல் அனுப்பாதீர்கள்’ என்று எந்த வழியில் சொல்வார்? கீழே உள்ள படிகளின் வரிசை இந்தக் கேள்வியை வைத்தே அமைந்திருக்கிறது. விலகும் வழியைக் கடைசியில் யோசிப்பவர்களுக்கு அதை வைக்க இடமே கிடைப்பதில்லை.

எடுத்துக்காட்டாக, பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு மண்டபத்தில் ஞாயிறு காலை இலவச ரத்தப் பரிசோதனை முகாம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் இரவு 10 மணிக்கு மேல் யாரும் சாப்பிட்டிருக்கக் கூடாது. கோயில், கடை, வீடு என்று போய்ப் பதிந்ததில் 240 சீட்டுகள் சேர்ந்திருக்கின்றன. பெரும்பாலானவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள். நினைவூட்டல் சரியான நேரத்தில் போய்ச் சேராவிட்டால், காலையில் தோசை சாப்பிட்டுவிட்டு வந்து நிற்பார்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அமைப்பின் பதிவுச் சான்று, நீங்கள் அனுப்பப்போகும் செய்தியின் மாதிரி, பொறுப்பாளர் ஒருவரின் பெயர் ஆகிய மூன்றையும் தயாராக வையுங்கள். குறுஞ்செய்திச் சேவை நிறுவனத்தில் கணக்குத் திறக்கும்போது இவற்றைக் கேட்பார்கள். மாதிரியைப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே அனுப்ப விடுவதும் உண்டு. ஆகவே முகாமுக்கு மூன்று வாரம் முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைவிட முதலில் கேட்க வேண்டியது: ‘பெறுபவர் பதில் எழுதினால் எங்களுக்கு வருமா?’ ஒருவழிச் சேவை மலிவு. அதில் வரும் பதில் யாருக்கும் போகாமல் காற்றில் கரைந்துவிடும். இருவழிச் சேவையில் உங்களுக்கென ஒரு முதற்சொல் ஒதுக்குவார்கள். அந்தச் சொல்லோடு வரும் பதில் மட்டும் உங்கள் கணக்குக்கு வரும். எந்த வகை என்று தெரியாமல் செய்தியை எழுத உட்காரக் கூடாது.

நாற்பது பேருக்குக் கீழே என்றால் நிறுவனமே வேண்டாம். சொந்தக் கைப்பேசியிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பலாம், பதிலும் நேரே உங்களுக்கே வரும். எல்லா எண்களையும் ஒரே செய்தியில் போட்டுவிடாதீர்கள். சில கைப்பேசிகள் அதைக் குழுச் செய்தியாக மாற்றிவிடும், ஒருவரின் எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மொத்தமாக அனுப்பும் செயலி ஒன்றை ஆண்ட்ராய்டில் போட்டாலும், வழக்கமான அமைப்பில் குறுகிய நேரத்துக்குள் முப்பது செய்தியைத் தாண்டும்போது கைப்பேசி நிறுத்தி அனுமதி கேட்கும். அதைக் கவனிக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போனால், மீதிப் பேருக்குச் செய்தி போயிருக்காது.

2. அனுப்புநர் விதிகள்

சில நாடுகளில் அனுப்புநர் இடத்தில் அமைப்பின் பெயரையே எழுத்தில் காட்டலாம். மலேசியாவில் அது எடுபடாது. நீங்கள் பெயர் போட்டாலும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அதை நீக்கிவிட்டு ஒரு குறுகிய எண்ணைக் காட்டும். அது பெரும்பாலும் 6இல் தொடங்கும் ஐந்து இலக்க எண். பலர் பகிர்ந்துகொள்ளும் எண் என்பதால் இன்று ஒன்றாகவும் நாளை வேறொன்றாகவும் இருக்கலாம். ‘இந்த எண்ணைச் சேமித்து வையுங்கள்’ என்று பங்கேற்பாளரிடம் சொல்வதில் பயனில்லை. யார் அனுப்பியது என்பதைச் செய்தியின் முதல் சொற்களே சொல்ல வேண்டும்.

செய்தி RM0.00 என்று தொடங்க வேண்டும். செய்தியைப் பெறுபவரிடமே காசு பிடித்த கட்டணச் சேவைகள் இங்கே நிறைய இருந்தன. இந்தச் செய்திக்குப் பெறுபவரிடம் கட்டணம் இல்லை என்று காட்டவே இந்த முன்னொட்டு. சில நிறுவனங்கள் இதைத் தாமே சேர்த்துவிடும், சில உங்களைத் தட்டச்சிடச் சொல்லும். எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் முன்னொட்டு இரண்டு முறை வரும். அதனால் ஏற்படும் செலவை ஐந்தாம் படியில் பார்க்கலாம்.

மூன்றாவது விதிதான் புதியவர்களை அதிகம் தடுக்கிறது. மோசடிச் செய்திகள் பெருகியதால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2023 முதல் படிப்படியாகத் தடை கொண்டுவந்தது. 2024 செப்டம்பர் முதல், நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்தியில் இணைப்பும், தனிப்பட்ட விவரம் கேட்பதும், திருப்பி அழைக்கும் எண்ணும் இருக்கக் கூடாது. மண்டபத்துக்கு வழி காட்டும் வரைபட இணைப்பு, வாட்ஸ்அப் இணைப்பு இரண்டும் இதில் அடங்கும். ‘மைகார்டு எண்ணைப் பதிலில் அனுப்பவும்’ என்று எழுதினாலும் அதே கதிதான். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வடிகட்டியில் சிக்கிய செய்தி பங்கேற்பாளரைச் சென்றடையாது.

இணைப்பு வைக்காமலேயே வடிகட்டியில் மாட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. முற்றுப்புள்ளிக்குப் பின் இடம் விடாமல் `boleh.Bawa` என்று எழுதினால், அது ஒரு இணைய முகவரி போலத் தோன்றும். புள்ளிக்குப் பிறகு கட்டாயம் ஓர் இடைவெளி விடுங்கள்.

3. பதிவுச் சீட்டு: சம்மதமும் விலகும் வழியும் இங்கேதான்

செய்திக்குள் வைக்க முடியாத எல்லாவற்றுக்கும் இடம் பதிவுச் சீட்டில்தான் இருக்கிறது. சீட்டை இரண்டாகக் கிழிக்கும்படி அச்சிடுங்கள். ஒரு பாதி உங்களிடம் இருக்கும், மறுபாதி அவர் கையில் போகும்.

உங்கள் பாதியில் பெயர், கைப்பேசி எண், எந்த மொழியில் செய்தி வேண்டும் என்ற மூன்று கட்டங்கள், ‘இந்த முகாம் குறித்துக் குறுஞ்செய்தி அனுப்பச் சம்மதம்’ என்ற வரி, கையொப்பம். மொழியைக் கட்டாயம் கேளுங்கள். தமிழ்ப்பள்ளியில் படித்தவர் தமிழில் கேட்பார், மலாய்ப் பள்ளியில் படித்தவருக்குத் தமிழ் எழுத்து ஓடாது. பழைய பொத்தான் கைப்பேசி வைத்திருப்பவருக்குத் தமிழ் எழுத்து வெறும் கட்டங்களாகத் தெரியக்கூடும். சீட்டை நிரப்பும் தொண்டர் அந்தக் கைப்பேசியை ஒருமுறை பார்த்து, பொத்தான் கைப்பேசி என்றால் மூலையில் ஒரு குறி போட்டுவிட்டால் போதும்.

அவர் பாதியில் முகாமின் நாள், நேரம், இடம் இருக்கட்டும். அதோடு, ‘எங்கள் செய்தி RM0.00 KEM DARAH என்று தொடங்கும். அதில் இணைப்பு இருக்காது, காசு கேட்க மாட்டோம்’ என்ற வரியும், செய்தி வேண்டாம் என்றால் அழைக்க வேண்டிய எண்ணும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். தொலைபேசி எண்ணைச் செய்தியில் போடத்தான் தடை, காகிதத்தில் போடத் தடையில்லை. (KEM DARAH என்பது இங்கே மாதிரிப் பெயர். உங்கள் அமைப்பை மக்கள் எந்தச் சுருக்கப் பெயரால் அழைக்கிறார்களோ அதைப் போடுங்கள்.)

2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், விவரத்தை எதற்காக வாங்குகிறோம் என்ற அறிவிப்பை மலாயிலும் ஆங்கிலத்திலும் தரச் சொல்கிறது. தமிழில் மட்டும் அச்சிடுவது போதாது. மூன்று மொழியிலும் இரண்டே வரி எழுதிவிடலாம். இந்தச் சட்டம் வணிகப் பரிமாற்றங்களுக்கானது, சங்கம் நடத்தும் இலவச முகாமுக்குப் பொருந்துமா என்று வாதிடலாம். வாதத்தில் இறங்காமல் கடைப்பிடித்துவிடுவதே நல்லது. உடல்நலம் பற்றிய விவரத்தை அந்தச் சட்டம் தனிக் கவனம் வேண்டிய தரவாக வைத்திருக்கிறது. எனவே செய்தியில் நோயின் பெயர் வரவே கூடாது. ஒரு கைப்பேசியை வீட்டில் நான்கு பேர் எடுத்துப் பார்க்கும் இடத்தில் இதன் அருமை தெரியும்.

4. எண்களைச் சுத்தம் செய்தல்

சீட்டிலிருந்து எண்களை எக்செல்லில் ஏற்றும் முன், அந்த நெடுவரிசையை ‘உரை’ வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் 012இல் தொடங்கும் எண்ணின் முன்சுழியம் தானாக மறைந்துவிடும். 60 போட்டு எழுதியிருந்தால் 6.01E+10 என்று சுருங்கிக் காட்டும். அந்த நிலையில் கோப்பை வேறு வடிவத்தில் சேமித்தால், கடைசி இலக்கங்கள் திரும்பக் கிடைக்காமலே போய்விடலாம்.

சேவை நிறுவனத்தின் அனுப்பும் தளத்துக்கு வேண்டியது 60இல் தொடங்கும், கோடும் இடைவெளியும் இல்லாத எண். A நெடுவரிசையில் சீட்டில் உள்ளபடி எழுதிவிட்டு, B, C, D நெடுவரிசைகளில் இவற்றைப் போடுங்கள்:

```
B2: =SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(A2,"-","")," ",""),"+","")
C2: =IF(LEFT(B2,1)="0","6"&B2,IF(LEFT(B2,2)="60",B2,"CHECK"))
D2: =IF(LEFT(C2,4)="6011",IF(LEN(C2)=12,"OK","CHECK"),
    IF(AND(LEFT(C2,3)="601",LEN(C2)=11),"OK","CHECK"))
```

011 எண்களுக்கு மற்றவற்றைவிட ஓர் இலக்கம் அதிகம். அதனால்தான் D2 அதைத் தனியாகப் பார்க்கிறது. இதை அறியாமல் ‘எல்லாம் பத்து இலக்கம்தான்’ என்று நினைத்து, 011 எண்ணின் கடைசி இலக்கத்தை அழித்துவிடும் தொண்டர்கள் உண்டு. CHECK என்று வருபவற்றை ஒவ்வொன்றாகச் சீட்டோடு ஒப்பிடுங்கள். பினாங்கின் 04, கோலாலம்பூரின் 03 போன்ற வீட்டுத் தொலைபேசிகள், 65இல் தொடங்கும் சிங்கப்பூர் எண்கள், 015 எண்கள் எல்லாம் அதில் வந்து விழும். வீட்டுத் தொலைபேசிகளைத் தனித் தாளில் எழுதி ‘நேரில் அழைக்க’ என்று தலைப்பிடுங்கள்.

நம் 240 சீட்டில் ஆறு வீட்டுத் தொலைபேசிகள், நான்கு சரிசெய்ய முடியாத எண்கள் என்று வைப்போம். மீதி 230. அவற்றில் 12 எண்கள் இரண்டிரண்டு முறை வருகின்றன. கணவனும் மனைவியும் ஒரே கைப்பேசி வைத்திருக்கிறார்கள், அல்லது மகனின் எண்ணை அப்பாவும் அம்மாவும் கொடுத்திருக்கிறார்கள். அனுப்பும் பட்டியலில் ஒரு முறை போதும், ஆனால் பங்கேற்பாளர் பட்டியலில் இருவர் பெயரும் இருக்கட்டும். ‘இரட்டை’ என்று ஒரு பெயரை அழித்தால், முகாம் நாளில் ஒருவருக்கு ரத்தம் எடுக்கும் குழாயும் இருக்காது, வரிசை எண்ணும் இருக்காது. ஆக, அனுப்ப வேண்டியவை 218 எண்கள். சீட்டில் உள்ள விருப்பப்படி மலாய் 140, தமிழ் 78.

5. செய்தியை எழுதுதலும் எண்ணுதலும்

சேவை நிறுவனம் காசு வாங்குவது அலகுக் கணக்கில். ரோமன் எழுத்தில் மட்டும் இருக்கும் செய்திக்கு ஓர் அலகு 160 எழுத்து. அதைத் தாண்டினால் துண்டுகளாகப் பிரியும், ஒவ்வொரு துண்டிலும் 153 எழுத்துதான் பிடிக்கும். துண்டுகளை மீண்டும் ஒட்டுவதற்கான குறிப்பு மீதி இடத்தை எடுத்துக்கொள்கிறது. செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் முழுச் செய்தியும் யுனிகோடுக்கு மாறும். அப்போது ஓர் அலகு 70, துண்டானால் தலா 67.

தமிழில் ‘எழுத்து’ என்று கணக்கிடப்படுவது நாம் எண்ணும் எழுத்து இல்லை. ‘க்’ என்பது ககரமும் புள்ளியுமாக இரண்டு. ‘நாளை’ நமக்கு இரண்டு எழுத்து, தளத்துக்கு நான்கு. ஆகவே கையால் எண்ணாமல் எக்செல்லின் LEN சூத்திரத்தையோ தளத்தின் எண்ணியையோ நம்புங்கள்.

மலாய்ச் செய்தியின் முதல் வரைவு இப்படி இருந்தது என்று கொள்வோம்:

```
RM0.00 KEM DARAH: Ujian darah esok Ahad 14/6, 8.30 pagi, dewan Jelutong. Jangan makan selepas 10 malam ini, air kosong boleh. Bawa slip. Henti SMS: balas STOP KEM
```

இது 162 எழுத்து. இரண்டே எழுத்து கூடியதால் இரண்டு அலகு, 140 பேருக்கு 280. நடுவில் உள்ள ‘இரவு 10க்குப் பிறகு சாப்பிடாதீர்கள்’ என்பதைச் சுருக்கினால்:

```
RM0.00 KEM DARAH: Ujian darah esok Ahad 14/6, 8.30 pagi, dewan Jelutong. Puasa dari 10 malam ini, air kosong boleh. Bawa slip. Henti SMS: balas STOP KEM
```

இப்போது 152. ஓர் அலகு. பெயர்களைத் தானாக நுழைக்கும் வசதி தளத்தில் இருந்தாலும் இங்கே வேண்டாம். தந்தை பெயரோடு முப்பது எழுத்துக்கு மேல் போகும் பெயர்கள் நம்மிடம் நிறைய, பாதிப் பேருக்குச் செய்தி சத்தமில்லாமல் இரண்டு அலகாகிவிடும்.

வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ எழுதி ஒட்டினால், வளைந்த மேற்கோள் குறியும் நீண்ட கோடும் ஒட்டிக்கொண்டு வரும். அவை ரோமன் அட்டவணையில் இல்லாதவை. ஒன்று இருந்தாலும் 152 எழுத்துச் செய்தி யுனிகோடாகி மூன்று அலகாகும். தளத்தின் எண்ணி திடீரென்று 70 அல்லது 67 என்று காட்டினால் இதுதான் காரணம். வெற்று நோட்பேடில் மேற்கோள்களையும் கோடுகளையும் கையால் திரும்பத் தட்டச்சிட்டுவிடுங்கள்.

தமிழ்ச் செய்தியில் மலாயில் உள்ள எல்லாவற்றையும் அப்படியே சொன்னால் 186 வரை போய் மூன்று அலகாகும். இடமும் கிழமையும் சீட்டில் இருக்கின்றன. கடைசி நாள் செய்தியில் தவறவிடக் கூடாதது பட்டினி மட்டுமே:

```
RM0.00 KEM DARAH: ரத்தப் பரிசோதனை நாளை 14/6, காலை 8.30. இன்றிரவு 10க்குமேல் சாப்பிட வேண்டாம். தண்ணீர் குடிக்கலாம். நிறுத்த: STOP KEM
```

இது 132. இரண்டு அலகின் எல்லை 134. முன்னொட்டைத் தளமும் சேர்த்து நீங்களும் தட்டச்சிட்டிருந்தால் ஏழு எழுத்து கூடி 139 ஆகும், மூன்று அலகாகிவிடும். இரண்டாம் படியில் முன்னொட்டைப் பற்றிக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். ஒரு சுற்றுக்கான கணக்கு: மலாய் 140, தமிழ் 78 பேருக்கு 156, மொத்தம் 296 அலகு. இரண்டு சுற்றும் சோதனையும் சேர்த்து 620 அலகு வாங்கினால் போதும்.

6. STOP: வரும் வழியும் போகும் இடமும்

இருவழிச் சேவையில் STOP மட்டும் போதாது. குறுகிய எண்ணைப் பலர் பகிர்வதால், KEM என்ற முதற்சொல் இருந்தால்தான் அந்தப் பதில் உங்களுடையது என்று தளத்துக்குத் தெரியும். எந்தச் சொல் முன்னால் வர வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அவர்கள் சொல்லும் வரிசையைச் செய்தியில் அப்படியே எழுதுங்கள். பெரியவர்கள் stop kem என்றும் STOPKEM என்றும் Stop Kem. என்று புள்ளி வைத்தும் அனுப்புவார்கள். கணக்குத் திறந்த அன்றே, STOP KEM என்பதோடு சேர்த்து இந்த நான்கு வடிவத்தையும் உங்கள் கைப்பேசியிலிருந்து அனுப்பிப் பாருங்கள். எது உங்கள் பெட்டிக்கு வரவில்லையோ அதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஒருவழிச் சேவை என்றால் ‘பதில் அனுப்பவும்’ என்று எழுதவே எழுதாதீர்கள். அவர் அனுப்புவார், அவர் காசும் போகலாம், செய்தி மட்டும் நிற்காது. இரண்டாவது முறை நினைவூட்டல் போனதும் அவருக்குக் கோபம் வரும், அது நியாயமான கோபம். அதற்குப் பதில் `Henti SMS: lihat slip` என்று எழுதுங்கள். சீட்டில் எண் இருக்கிறது. இருவழிச் சேவை வைத்திருந்தாலும் சீட்டில் உள்ள எண் வேண்டும். குறுஞ்செய்தி படிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாதவர்கள் இந்தக் கூட்டத்தில் கணிசமாக இருப்பார்கள்.

விலகியவரை என்ன செய்வது என்பதில்தான் பெரும் தவறு நடக்கிறது. அவருடைய வரியைப் பட்டியலிலிருந்து அழித்துவிடுகிறார்கள். அழித்தால் அவர் வேண்டாம் என்று சொன்னதற்குச் சான்றே இல்லாமல் போகும். அடுத்த முகாமுக்கு யாரோ பழைய கோப்பைத் திறப்பார்கள், அவருக்கு மறுபடியும் செய்தி போகும். அழிக்காமல், STOP என்ற பெயரில் தனித் தாள் ஒன்றைத் தொடங்குங்கள். அதில் 60இல் தொடங்கும் எண், நாள், வந்த வழி (பதில், அழைப்பு, நேரில்), குறித்தவர் பெயர் என்று நான்கு நெடுவரிசை. அனுப்பும் பட்டியலில் ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே இதைப் போடுங்கள்:

```
E2: =IF(COUNTIF(STOP!A:A,C2)>0,"NO","SEND")
```

SEND என்று உள்ளவை மட்டும் தளத்துக்குப் போக வேண்டும். எக்செல்லின் வடிகட்டி மறைத்த வரிகளும் சில சமயம் கூடவே நகலாகிவிடும். ஆகவே SEND வரிகளைப் புதுத் தாளில் ஒட்டி, எண்ணிக்கையைச் சரிபார்த்து, பிறகு ஏற்றுங்கள்.

STOP என்பதற்கு ‘செய்தி வேண்டாம்’ என்றுதான் பொருள். ‘முகாமுக்கு வரவில்லை’ என்று எடுத்துக்கொண்டு அவர் பெயரை அடித்துவிடாதீர்கள். அதேபோல் ‘வரல’, ‘tak dapat datang’, ‘ஊருக்குப் போறேன்’ என்று வரும் பதில்கள் விலகல் அல்ல, வருகை ரத்து. STOP வந்ததும் யாராவது ஒருவர் அழைத்து, ‘செய்தி நிறுத்திட்டோம்யா. ஞாயித்துக்கெழம வருவீங்கதானே? ராத்திரி பத்துக்கு மேல சாப்பிடாதீங்க’ என்று ஒரே ஒரு முறை சொல்லிவிடலாம். அழைக்கவும் வேண்டாம் என்றால் அதையும் தாளில் குறியுங்கள். கைப்பேசியைப் பகிரும் அந்த 12 எண்களில் ஒன்றிலிருந்து STOP வந்தால் இருவருக்கும் செய்தி நின்றுவிடும். மற்றவருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

தெளிவில்லாத பதில், அதாவது ‘வேண்டாம்’, ‘tak nak’, ‘யார் நீங்க’ போன்றவை வந்தால், வேண்டாம் என்ற பக்கமே சாய்ந்து STOP தாளில் சேருங்கள். இந்தப் பெட்டியைப் பார்க்க ஒரே ஒருவரை நியமியுங்கள். குழுவாகப் பார்த்தால், அடுத்தவர் பார்த்திருப்பார் என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

நினைவூட்டலுக்குச் சம்மதம் வாங்கிய எண்களுக்கு, முகாம் முடிந்த பின் நன்கொடை கேட்டோ காப்புறுதி விற்பனைக்கோ செய்தி அனுப்புவது வேறு காரியம். அதற்குத் தனிச் சம்மதம் வேண்டும். விளம்பரத்துக்குத் தன் விவரத்தைப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொல்லும் உரிமையை அதே சட்டத்தின் 43ஆம் பிரிவு தருகிறது.

7. சோதனை, பிறகு இரண்டு சுற்று

மேக்சிஸ், செல்கோம்டிஜி, யூ மொபைல் என்று ஒவ்வொரு வலையமைப்பிலும் ஒரு கைப்பேசிக்கு இரண்டு மொழிச் செய்தியையும் அனுப்புங்கள். ஒன்றில் வந்து மற்றொன்றில் வராமல் போவது நடக்கும், வடிகட்டுவது ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக. எண்ணின் முதல் இலக்கங்களை வைத்து வலையமைப்பை ஊகிக்காதீர்கள். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி இருப்பதால் 012 எல்லாம் மேக்சிஸ் இல்லை. தமிழ்ச் செய்திக்கு ஒரு பொத்தான் கைப்பேசியையும் சேருங்கள். கட்டங்கள் தெரிந்தால், சீட்டில் குறி போட்டவர்களை மலாய்ப் பட்டியலுக்கு நகர்த்திவிடுங்கள், அதன்பின் அலகுக் கணக்கைத் திருத்துங்கள்.

முதல் சுற்று புதன் காலை பத்து மணிக்கு. நாள், இடம், சீட்டு, விலகும் வழி மட்டும். இதன் உண்மையான வேலை செத்த எண்களையும் விலக விரும்புபவர்களையும் முன்கூட்டியே வெளிக்கொண்டு வருவது. இரண்டாம் சுற்று சனி மாலை ஐந்து மணிக்கு, இரவுச் சாப்பாட்டுக்கு முன். எட்டு மணிக்கு மேல் அனுப்பினால் பலர் கைப்பேசியைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்திருப்பார்கள். இரண்டு சுற்றிலும் முதலில் இருபது பேருக்கு மட்டும் விட்டு, அறிக்கையைப் பார்த்த பிறகு மீதியை விடுங்கள்.

சனி மாலைச் செய்திக்கு ‘காலாவதி’ நேரத்தை ஆறு மணி நேரம் என்று வையுங்கள். அணைந்திருக்கும் கைப்பேசிக்கான செய்தியைத் தொலைத்தொடர்பு நிறுவனம் வைத்திருந்து, திறக்கும்போது கொடுக்கும். ஞாயிறு காலையில் கைப்பேசியைத் திறப்பவருக்கு ‘நாளை’ என்று வந்தால் அவர் திங்கட்கிழமை வந்து நிற்பார். ‘நாளை’ என்பதற்குப் பக்கத்தில் 14/6 என்ற தேதியும் இருப்பது இதே ஆபத்துக்காகத்தான்.

8. அறிக்கையைப் படித்தல்

‘அனுப்பப்பட்டது’ என்றால் தளத்திலிருந்து கிளம்பிவிட்டது என்று மட்டும் பொருள். பார்க்க வேண்டியது அதற்கடுத்த நிலை. `DELIVRD` என்றால் கைப்பேசிக்குப் போய்விட்டது, படித்தாரா என்பது வேறு. `EXPIRED` என்றால் காலாவதி நேரத்துக்குள் கைப்பேசி வலையமைப்பில் இல்லை. `UNDELIV` பெரும்பாலும் செத்த எண், பிரீபெய்டில் காசு போடாமல் விட்டதால் காலாவதியானதாக இருக்கலாம். `REJECTD` என்றால் எண்ணில் குறையைத் தேடாதீர்கள், முதலில் செய்தியின் வாசகத்தைப் பாருங்கள். ஒரே நேரத்தில் ஒரே வலையமைப்பில் நிறைய வந்தால் வடிகட்டியில் மாட்டியிருக்கிறது. அதே வாசகத்தை மறுபடி மறுபடி அனுப்பாமல் நிறுவனத்தை அழைத்துக் காரணம் கேளுங்கள்.

புதன் சுற்றில் `UNDELIV` வந்த எண்களை ‘நேரில் அழைக்க’ தாளுக்கு நகர்த்துங்கள். அவர்களுக்குக் கைப்பேசி வழி இல்லை, சீட்டைப் பதிந்த தொண்டர்தான் வழி. சனி இரவு ஏழு மணிக்கு `EXPIRED` இன்னும் வந்திருக்காது, ஆனால் நிலை மாறாமல் நிற்கும் எண்கள் தெரியும். அவற்றையும் ஆறு வீட்டுத் தொலைபேசிகளையும், STOP சொன்னாலும் அழைக்கச் சம்மதித்தவர்களையும் இரண்டு தொண்டர்கள் பிரித்துக்கொண்டு பத்து மணிக்குள் அழைத்து முடிக்க வேண்டும். சொல்ல வேண்டிய வரியை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ‘சாப்பிடாம வாங்க’ என்று மட்டும் சொல்லி விட்டால் சிலர் தண்ணீரும் குடிக்காமல் வருவார்கள், நரம்பு கிடைப்பது கடினமாகும்.

முகாம் முடிந்ததும் பங்கேற்பாளர் கோப்பைத் தளத்திலிருந்து நீக்குங்கள். சீட்டில் சொன்ன நோக்கம் முடிந்துவிட்டதால் எண்களை அங்கே வைத்திருக்கக் காரணமில்லை. STOP தாளை மட்டும் கடவுச்சொல் போட்டு வையுங்கள். அடுத்த முகாமின் பட்டியலில் E நெடுவரிசை தேடப்போவது அதைத்தான்.